ஒரே வீட்டில் இரண்டு சிவந்த கண்கள்

குழந்தைக்குக் கண் சிவந்துவிட்டால் நம் வீடுகளில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுவார்கள். "சூட்டுக் கண்ணு" என்பார் பாட்டி. "தூசி விழுந்திருக்கும்" என்பார் அப்பா. "மருந்தகத்தில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினால் சரியாகிவிடும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மூவர் சொல்வதும் சில நேரம் சரியாக இருக்கலாம், சில நேரம் மூன்றுமே தவறாகவும் இருக்கலாம். காரணம், சிவப்பு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. விழியின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். கிருமி, ஒவ்வாமை, கீறல், விழிக்குள்ளே வீக்கம் என எதுவானாலும் அந்தக் குழாய்கள் விரியும். அதனால் சிவப்பை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிவப்போடு வேறு என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கண் சிகிச்சைப் பிரிவில் தாதியாக நீண்ட காலம் வேலை செய்தவள் நான். கண் சிவந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த விஷயத்தை விளக்க, கிள்ளானில் என் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்வதுதான் எனக்கு எளிது. ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், இரண்டு பிள்ளைகளுக்குக் கண் சிவந்தது. ஒருவருக்கு வந்தது ஒட்டிக்கொள்ளும் நோய், மற்றவருக்கு வந்தது அதுவல்ல. அதே வீட்டில்தான் 12 நாள்களுக்கு முன்பு கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் அம்மாவும் இருந்தார். அறுவை செய்து ஆறிக்கொண்டிருக்கும் கண்ணில் தொற்று வந்தால் அது சாதாரண விஷயமல்ல. ஆகவே எது எது என்று பிரித்தறிவது அங்கே கட்டாயமாகிவிட்டது.

முதலில் கேட்க வேண்டியவை

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பாலர் பள்ளிக்குப் போகும் ஆறு வயதுச் சின்னவனின் வலது கண் நன்றாகச் சிவந்து நீர் கோத்திருந்தது. படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதால் நேரில் போனேன். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவனை சன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வைத்தேன்.

எந்தச் சிவந்த கண்ணானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கண் உள்ளே வலிக்கிறதா? வெளிச்சத்தைப் பார்த்தால் கூசி மூடிக்கொள்கிறானா? பார்வை மங்கலாக இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமல்ல. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சின்னப் பிள்ளையிடம் "பார்வை மங்கலா?" என்று கேட்டால் சரியான பதில் வராது. அதனால் நல்ல கண்ணைக் கையால் மறைத்து, கதைப் புத்தகத்தைக் காட்டி, "இந்தப் பூனைக்கு எத்தனை மீசை?" என்று கேட்டேன். எண்ணிச் சொன்னான். பிறகு மறு கண்ணை மறைத்து அதையே கேட்டேன். இரண்டு கண்ணாலும் ஒரே மாதிரிப் பார்த்தான். நீர் அல்லது பீளை பார்வையை மறைத்தாலும் கண்ணைச் சிமிட்டினால் தெளிந்துவிடும். சிமிட்டியும் தெளியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து கருவிழியைப் பார்த்தேன். அது கண்ணாடி போலப் பளபளப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளியோ மங்கலான திட்டோ தெரியக்கூடாது. இரண்டு பாப்பாவும் ஒரே அளவில், வட்டமாக இருக்க வேண்டும். இமையில் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். அப்படி இருந்தால் ஹெர்பீஸ் என்னும் வைரஸாக இருக்கலாம், அது கருவிழியைத் தாக்கித் தழும்பு விட்டுவிடும். சின்னவனிடம் இவை எதுவும் இல்லை.

அதன் பிறகு அவனுடைய காதுக்கு முன்புறம், தாடை தொடங்கும் இடத்தில் விரலால் மெதுவாக அழுத்தினேன். வலது பக்கம் பட்டாணி அளவில் ஒரு நெறி தட்டுப்பட்டது. "வலிக்குது அத்தை" என்றான். பெரும்பாலோர் பார்க்காமல் விடுகிற இடம் இது. வைரஸால் கண்ணில் தொற்று வரும்போது அந்தப் பக்கத்து நிணநீர்க் கட்டி அடிக்கடி வீங்கும். ஒவ்வாமையில் அப்படி வீங்காது. போதாக்குறைக்கு, போன வாரம் முழுக்க அவனுக்குச் சளியும் தொண்டை வலியும் இருந்ததாக அண்ணி சொன்னார். சளி, ஒரு கண்ணில் தொடங்கிய சிவப்பு, தண்ணீர் போன்ற கசிவு, "மணல் விழுந்த மாதிரி இருக்கு" என்ற உறுத்தல், காதுக்கு முன்னால் நெறி என்ற ஐந்தும் ஒரே பக்கம் கைகாட்டின. மறுநாள் காலை கிளினிக்கில் மருத்துவரும் பார்த்து, வைரஸ் தொற்றுதான் என்று உறுதிப்படுத்தினார்.

வைரஸ் கண்வலி எப்படிப் போகும்

குழந்தைகளுக்கு வரும் இந்தக் கண்வலிக்குப் பெரும்பாலும் அடினோவைரஸ் குடும்பம்தான் காரணம். சளி, தொண்டை வலி கொடுப்பதும் இதே குடும்பம்தான். தமிழ்நாட்டில் இதைத்தான் "மெட்ராஸ் ஐ" என்பார்கள். வேறு சில வைரஸ்களும் உண்டு. 1970-ஆம் ஆண்டு நம் பக்கத்தில் சிங்கப்பூரில் கண்வலி பெருமளவில் பரவியபோது, காக்ஸாக்கி ஏ24 என்ற வைரஸின் ஒரு வகைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எந்த வைரஸாக இருந்தாலும் அதைக் கொல்ல வீட்டில் போடும்படியான சொட்டு மருந்து இல்லை. கிருமியை அழிக்கும் ஆன்டிபயாடிக் சொட்டு பாக்டீரியாவுக்குத்தான் வேலை செய்யும், வைரஸை ஒன்றும் செய்யாது. அதனால்தான் மருத்துவர் சின்னவனுக்கு வெறும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மட்டும் கொடுத்து, குளிர்ந்த துணியால் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

அண்ணனுக்கு அது திருப்தியாக இல்லை. "மருந்தே கொடுக்காம அனுப்பிட்டாங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்த நோயின் போக்கைத் தெரிந்துகொண்டால் அந்தக் குறை வராது. முதல் மூன்று, நான்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும். இரண்டு மூன்று நாளில் மறு கண்ணுக்கும் தாவும். இரண்டாவது கண்ணில் பெரும்பாலும் லேசாகவே இருக்கும். பிறகு மெல்லக் குறைந்து, ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே ஆறிவிடும். சின்னவனுக்கும் வியாழக்கிழமை இடது கண் சிவந்தது. அப்போது யாரும் பதறவில்லை, அது எதிர்பார்த்ததுதான்.

பாக்டீரியாவால் வருவதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். காலையில் இமை ஒட்டிக்கொள்வதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வைரஸிலும் ஒவ்வாமையிலும்கூட ஒட்டும். கண்ணை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுபடியும் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் திரண்டு, பகல் முழுக்க அப்படியே வந்துகொண்டிருந்தால் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு அதோடு காது வலியும் சேர்ந்து வருவதுண்டு. அதற்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பார்.

குளிர்பெட்டியில் இருந்த சொட்டு மருந்து

செவ்வாய்க்கிழமை இரவு அண்ணன் குளிர்பெட்டியிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து வந்தார். ஒன்பது வயதுப் பெரியவளுக்குச் சென்ற ஆண்டு கண் அரிப்பு வந்தபோது எழுதிக் கொடுத்தது. "இதுவும் கண் சிவப்புக்குத்தானே கொடுத்தாங்க, ரெண்டே நாள்ல வெள்ளையாயிடுச்சு" என்றார். புட்டியை வாங்கிப் பார்த்தேன். டெக்ஸாமெத்தசோன் என்று எழுதியிருந்தது. ஸ்டீராய்டு வகை மருந்து.

இதைப் போட்டால் கண் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நோயை ஆற்றுவதில்லை, உடல் நோயை எதிர்க்கும் வேகத்தை அடக்குகிறது. சிவப்பு குறையும், வைரஸ் மட்டும் இன்னும் கூடுதல் நாள் கண்ணிலேயே தங்கும், அதுவரை மற்றவர்களுக்கும் பரவும். கண்ணில் இருப்பது ஹெர்பீஸ் வைரஸாகவோ பூஞ்சையாகவோ இருந்தால் அது கருவிழியை அரித்துப் புண்ணாக்கிவிடும். கண் மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்து, கருவிழியில் புண் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்டீராய்டு கொடுப்பார். நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும் ஆபத்தும் உண்டு, அதையும் அவர் அளந்து பார்ப்பார். இவற்றில் எதுவும் நம் வீட்டுச் சமையலறையில் நடக்காது.

ஸ்டீராய்டு இல்லாத சாதாரணச் சொட்டு மருந்தாகவே இருந்தாலும், புட்டியைத் திறந்து நான்கு வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலானவற்றை வீசிவிட வேண்டும். அண்ணன் பேசாமல் புட்டியைக் குப்பையில் போட்டார்.

அம்மாவிடம் வேறொரு வைத்தியம் இருந்தது. கொல்லையில் பூத்த நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டலாம் என்றார். அம்மா கேட்டது தவறில்லை, அவர் சின்ன வயதில் தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் செய்ததுதான். "கண்ணுக்குக் குளிர்ச்சி வேணும்னுதானேம்மா சொல்றீங்க? அந்தக் குளிர்ச்சியைச் சுத்தமான துணியிலேயே கொடுத்திடலாம்" என்றேன். பூவில் ஒட்டியிருக்கும் மண்ணும் பூஞ்சையும் புண்பட்ட கண்ணுக்குள் போகக்கூடாது. இதே காரணத்துக்காகத்தான் தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம் என்று சொல்கிறோம்.

பரவாமல் தடுத்த விதம்

கண்வலிக்காரரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. கறுப்புக் கண்ணாடி போடுவது அதற்காகத்தான் என்றும் நினைக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தின் கூச்சத்தைக் குறைக்கும், பரவுவதைத் தடுக்காது. இந்த நோய் கையால் பரவுகிறது. பிள்ளை கண்ணைத் தேய்க்கிறான், அதே கையால் கதவுப் பிடியைத் தொடுகிறான், அந்தப் பிடியைத் தொட்ட இன்னொருவர் தம் கண்ணைத் தொடுகிறார். அடினோவைரஸ் காய்ந்த பரப்பில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கொரோனா காலத்திலிருந்து எல்லார் பையிலும் இருக்கும் கைத்தூய்மித் திரவம் இந்த வைரஸுக்குப் போதுமானதல்ல. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அடினோவைரஸுக்கு அந்த உறையே இல்லை. எனவே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி தேய்த்துக் கழுவி, கிருமியைக் கையிலிருந்து அடித்துச் செல்ல வைப்பதுதான் நம்பகமான வழி.

அண்ணன் வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். அம்மாவின் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு நான்கு வேளையும் சொட்டு மருந்து விடுவது நான், சின்னவனைத் தொட்டுக் கவனிப்பது அண்ணி மட்டும். இந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்யக்கூடாது என்பதுதான் முக்கியம். கீழ்மாடிக் குளியலறை அம்மாவுக்கு, மேல்மாடிக் குளியலறை மற்றவர்களுக்கு என்று பிரித்தோம். பேரனை மடியில் உட்கார வைத்துத் திருநீறு பூசிவிடும் வழக்கத்தை இரண்டு வாரம் நிறுத்திவைக்க அம்மா சம்மதித்தார். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

துணித் துண்டை நிறுத்திவிட்டு, சின்னவனுக்குக் காகிதத் துண்டு மட்டும் கொடுத்தோம், துடைத்ததும் மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போட வேண்டும். கண்ணைச் சுத்தம் செய்ய, கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே ஒரு முறை துடைத்து வீசிவிடுவது. மறுமுறை துடைக்கப் புதுப் பஞ்சு, மறு கண்ணுக்கும் புதுப் பஞ்சு. சொட்டு மருந்துப் புட்டியின் நுனி இமையிலோ இமைமுடியிலோ படக்கூடாது. அது பட்டுவிட்டால் புட்டியே நோய்க்கூடாகிவிடும். தலையணை உறையைத் தினமும் மாற்றி, வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தினோம்.

கதவுப் பிடி, மின்விசைப் பொத்தான், குழாய்த் திருகு ஆகியவற்றைத் துடைக்க வீட்டில் இருக்கும் குளோரின் பிளீச்சே போதும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக இருக்கவிட்டு, பிறகு வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். வேறு எந்தக் கழிவறைத் திரவத்தோடும் அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விட அதிகம் கைமாறிய பொருள் தொலைக்காட்சி ரிமோட். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை மட்டும் தினமும் மாற்றினோம்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? கண் சிவந்து நீர் வடியும்வரை தொற்றும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அடினோவைரஸில் இது பத்து முதல் பதினான்கு நாள்வரை போகலாம். பாலர் பள்ளிப் பிள்ளையால் கையைக் கண்ணிலிருந்து விலக்கி வைத்திருக்க முடியாது, மேசை, பொம்மை எல்லாம் பொது. அதனால் மருத்துவர் கொடுத்த எம்.சி. முடிந்தும் நீர் வடிந்தால் திரும்பப் போய்க் காட்டி, விடுப்பை நீட்டிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நீச்சல் குளத்துக்கும் அதுவரை விடுமுறைதான்.

பெரியவளின் கண்

சனிக்கிழமை காலை பெரியவளுக்கும் கண் சிவந்துவிட்டது. "இவளுக்கும் வந்துடுச்சு, அடுத்தது அம்மாதான்" என்று அண்ணி அழாத குறை. தம்பிக்குத் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. கிருமி நுழைந்து நோய் தெரிய ஐந்து முதல் பன்னிரண்டு நாள் ஆகும் என்பதால் நாள் கணக்கும் பொருந்தியது. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் அது வேறு கண்.

முதலாவதாக, இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் சிவந்திருந்தன. இரண்டாவதாக, தம்பி "மணல் மாதிரி" என்றான், இவள் சொன்ன ஒரே வார்த்தை "அரிக்குது". மூக்கை ஒட்டிய கண்மூலையை உள்ளங்கையால் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அரிப்புதான் ஒவ்வாமையின் முதல் அடையாளம், அரிப்பே இல்லாத ஒவ்வாமைக் கண்ணைப் பார்ப்பது அரிது. மூன்றாவதாக, கண்ணிலிருந்து வந்தது நூல் நூலாக இழுபடும் வெள்ளைச் சளி. கூடவே அடுக்கடுக்காகத் தும்மல். காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தேன், நெறி இல்லை, வலியும் இல்லை.

சரி, திடீரென்று எங்கிருந்து வந்தது ஒவ்வாமை? அண்ணியைக் கேட்டதும் காரணம் கிடைத்தது. தினமும் உறை மாற்றித் துவைத்ததில் உலர்ந்த தலையணை போதாமல், அலமாரியின் மேல்தட்டில் தீபாவளி விருந்தாளிகளுக்காக வைத்திருந்த பழைய தலையணைகளையும் போர்வையையும் எடுத்துப் பெரியவளுக்குக் கொடுத்திருக்கிறார். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பஞ்சு, நம் ஊரின் ஈரப்பதம் இரண்டும் சேர்ந்தால் தூசிப்பூச்சிக்குக் கொண்டாட்டம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சியின் கழிவுதான் இவளுக்கு ஆகாது என்பது முன்பே தெரிந்த விஷயம். தொற்றைத் தடுக்கச் செய்த காரியமே ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டது.

அந்தத் தலையணையை அகற்றி, குளிக்க வைத்து, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, மருத்துவர் முன்பே எழுதித் தந்திருந்த ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்ததும் சாயங்காலத்துக்குள் பாதி குறைந்தது. வைரஸ் கண் அரை நாளில் அப்படிக் குறையாது. இருந்தாலும் தம்பியின் நோய் முடியும்வரை இவளும் தனித் துண்டுதான் வைத்துக்கொண்டாள், ஒவ்வாமை இருப்பவருக்குத் தொற்று வராது என்று எந்த விதியும் இல்லையே. கண்ணைத் தேய்க்காமல் இருக்கவும் கண்டிப்பாகச் சொன்னோம். தேய்க்கத் தேய்க்க அரிப்பு கூடும். பல ஆண்டுகள் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் கருவிழியையே மெலிய வைத்துக் கூம்பாக்கிவிடக்கூடும்.

எட்டாவது நாள்

ஒன்பது நாள் தாண்டினால் சின்னவன் தேறிவிடுவான் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்த நேரத்தில், எட்டாவது நாள் காலை அவன் வலது கண்ணைத் திறக்க மறுத்தான். சன்னல் திரையை விலக்கியதும் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். முதல் நாள் கேட்ட மூன்று கேள்விகளில் "இல்லை" என்றிருந்த ஒரு பதில் இப்போது "ஆமாம்" ஆகிவிட்டது. ஏற்கெனவே ஒரு மருத்துவர் வைரஸ்தான் என்று சொல்லியிருந்ததால் அப்படியே இருந்துவிட முடியாது. ஒரு முறை கேட்டு முடித்துவிடும் கேள்விகள் அல்ல அவை, தினமும் காலையில் கேட்க வேண்டியவை.

அன்றே கண் மருத்துவரிடம் போனோம். அவர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மேல் இமையைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தில் வெளிறிய ஒரு படலம் படிந்திருந்தது. கடுமையான அடினோவைரஸ் தொற்றில் இப்படி வருவதுண்டு. அந்தப் படலம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியை உரசிக்கொண்டிருந்தது. பஞ்சுக் குச்சியால் மெல்ல அதை உரித்து எடுத்தார். விட்டிருந்தால் இமைக்குள்ளே தழும்பு விழுந்திருக்கலாம். கருவிழியில் ஹெர்பீஸ் இல்லை என்று சாயம் விட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகு, குறைந்த நாளுக்கு மென்மையான ஸ்டீராய்டுச் சொட்டு ஒன்றை எழுதினார், படிப்படியாகக் குறைக்கும் கணக்கோடு, திரும்ப வந்து காட்ட வேண்டிய தேதியோடு. அண்ணன் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு வேணாம்னு சொன்னியே?" மருந்தின் வகை ஒன்றுதான். ஆனால் பார்த்து அளந்து கொடுப்பது வேறு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றுவது வேறு.

இதேபோல் காத்திருக்கக்கூடாத சில நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தையின் கண்ணில் சீழ் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இமை முழுக்க வீங்கி, காய்ச்சலோடு விழியை அசைக்கவே வலித்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம். கண்ணில் அடிபட்டாலும், கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைக்குக் கண் சிவந்து வலித்தாலும் காத்திருக்க வேண்டாம். சுண்ணாம்பு, பிளீச் போன்றவை பட்டால் முதலில் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஐந்து நாள் விடாத காய்ச்சலோடு, பீளையே இல்லாமல் இரண்டு கண்ணும் சிவந்து, உதடும் நாக்கும் சிவந்திருந்தால் அது கண் நோயே அல்ல. கவாசாக்கி என்னும் நோயாக இருக்கலாம், அது இதயத்தின் இரத்தக் குழாய்களைப் பாதிக்கக்கூடியது.

படலத்தை எடுத்த மறுநாளே சின்னவன் கண்ணைத் திறந்துவிட்டான். முழுதாக வெளுக்க மூன்று வாரம் ஆனது. பதினொன்றாம் நாள் அண்ணனுக்குக் கண் சிவந்தது. பின்னோக்கி எண்ணிப் பார்த்ததில், முதல் திங்கட்கிழமை சாயங்காலம், நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பு, மகன் முகம் துடைத்த துண்டாலேயே தானும் துடைத்துக்கொண்டது அவருக்கு நினைவு வந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. அறுவைக்குப் பிந்திய பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துப் போனபோது, கண் நன்றாக ஆறிவிட்டது என்றார் மருத்துவர். அன்று மாலை பேரனின் நெற்றியில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திருநீறு இருந்தது.